கட்டைவிரல் வைத்துப் பேசுவது

நான் வீட்டுத் தரகன். மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, கொஞ்சம் தி. நகர். முப்பது வருடமாக இந்தத் தெருக்களில் வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கடை கிடையாது, பலகை கிடையாது. ஒரு ஸ்கூட்டர், ஒரு போன், ஒரு வாய். அந்த வாயை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

தரகன் என்றால் பாதி நாள் காத்திருப்பது. வீட்டுக்காரர் சாவியோடு வரவேண்டும், குடி வருபவர் ஆபீஸ் முடிந்து வரவேண்டும். டீக்கடை வாசலில் நின்றபடி ஒரு சிகரெட் பற்றவைப்பேன். ஆள் வருவதற்குள் மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கும். பத்தொன்பது வயதில் ஆரம்பித்த பழக்கம். கல்யாணமாகிப் போன என் மகள் உண்டாகியிருந்தபோது, "குழந்தை பொறந்தா இந்த நாத்தத்தோட தூக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு விட்டேன். கஷ்டப்பட்டுத்தான் விட்டேன். விட்டு ஆறு வருடம் கழித்துத் தொண்டை கட்டியது.

வெயில், தூசு, ஐஸ் தண்ணி என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். மிளகு மென்றேன், சித்தரத்தை மென்றேன். மூன்று மாதமாகியும் குரல் தெளியவில்லை. படியேறினால் மூச்சில் ஒரு கீச்சுச் சத்தம். மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள். மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, டாக்டர் திரையில் காட்டினார். ஒரு பக்கத்துக் குரல்நாண் அசைந்துகொண்டிருந்தது. இன்னொன்று அசையவில்லை. அதன்மேல் சதை வளர்ந்திருந்தது.

சோதனையெல்லாம் முடிந்த பிறகு, குரல்வளையை முழுசாக எடுத்துவிட வேண்டும் என்றார்.

"விட்டு ஆறு வருஷம் ஆச்சே டாக்டர்," என்றேன். ஏதோ வீட்டுக்காரரிடம் பேரம் பேசுகிற மாதிரி.

"விட்டது நல்லதுதான். உங்க நுரையீரல் ஆபரேஷனைத் தாங்கும்னு தைரியமாச் சொல்றேன்னா அதனாலதான். ஆனா முப்பது வருஷத்துக்கு மேல பிடிச்சிருக்கீங்க. ஆறு வருஷத்துல அது ஒண்ணுமில்லாமப் போயிடாது."

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு மனிதரை என்னிடம் அனுப்பினார்கள். திருவல்லிக்கேணியில் தையல்கடை வைத்திருக்கும் பாய். நான்கு வருடத்துக்கு முன் இதே ஆபரேஷன் ஆனவர். சட்டைக் காலருக்குள் வெள்ளைத் துணி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். துணியைத் தூக்கிக் காட்டினார். கழுத்தின் அடியில், இரண்டு காறை எலும்பும் சேருகிற குழிக்கு மேலே, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை. அவர் மூச்சு விட விட அந்த ஓரத்துச் சதை லேசாக அசைந்தது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் கட்டைவிரலால் ஓட்டையை மூடினார். "இனிமே இதான் மூக்கு," என்றார். கரகரப்பான, தாழ்ந்த குரல். ஆனால் மனிதக் குரல். "வாய் சாப்பிட மட்டும். மூச்சு இங்கே. ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லை. இது ஒண்ணை மனசுல ஏத்திக்குங்க சாப், மத்ததெல்லாம் பழகிடும்."

என் மனைவி அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். குளிக்கும்போது தண்ணி போகாதா? சளி வந்தா எப்படி? தூங்கும்போது போர்வை மூடிக்கிச்சுன்னா? பாய் ஒவ்வொன்றுக்கும் விரலை வைத்து, எடுத்து, மூச்சு வாங்கி, மறுபடி வைத்துப் பதில் சொன்னார். நான் எழுந்து ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தேன். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. இவர் போனில் பேசினால் எதிராளி வைத்துவிடுவானா, மாட்டானா?

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது நான் முதலில் செய்தது, பேச வாயைத் திறந்தது. உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. முனகல்கூட இல்லை. அழுதால் அழுகைக்கும் சத்தமில்லை. நர்ஸ் என் கையில் ஒரு சிலேட்டுப் பலகையைக் கொடுத்தார். "தண்ணி" என்று எழுதினேன். தரமாட்டோம் என்றார். உள்ளே தையல் ஆறும்வரை மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் கஞ்சியும் மருந்தும். இரண்டு வாரம் போல ஆனது. ஒரு மருந்தை விழுங்கவைத்துப் படம் எடுத்து, எங்கேயும் கசியவில்லை என்று பார்த்த பிறகுதான் முதல் வாய் தண்ணீர்.

அந்த இரண்டு வாரத்தில் என் மனைவி ஒரு நர்ஸ் ஆகிவிட்டாள். கழுத்து ஓட்டை சுருங்காமல் இருக்க அதற்குள் ஒரு சிலிக்கான் குழாய் வைத்திருந்தார்கள். அதை எடுத்து, கழுவி, திரும்பப் போடக் கற்றுக்கொண்டாள். ஓட்டையில் உப்புநீர் சில சொட்டு விட்டு, நான் இருமித் தள்ளுகிற சளியைத் துணியில் வாங்குவாள். காய்ந்து பொருக்குக் கட்டியதை டார்ச் அடித்துப் பார்த்து, முனை மழுங்கிய இடுக்கியால் எடுப்பாள். மூக்கு வழியாகப் போகும் காற்று சூடாகி, ஈரமாகி உள்ளே போகும். எனக்கு அது இல்லை. மெட்ராஸ் காற்று அப்படியே நேராக நுரையீரலுக்கு. அதனால் முதல் மாதங்களில் சளிக்கு அளவே இல்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு இருமல். இருமல் வந்தால் கை தானாக வாய்க்குப் போகும், சளி கழுத்தில் வந்து நிற்கும்.

வீட்டுக்கு வந்தேன். ஆறு வாரம் கதிர்வீச்சு. கழுத்து வெந்து, கறுத்து, பலகை மாதிரி இறுகிப்போனது. வாசனை போய்விட்டது. ரசம் கொதித்தாலும் கேஸ் கசிந்தாலும் எனக்கு ஒன்றுதான். சூடான காபியை ஊதிக் குடிக்க முடியாது. கனமான எதையும் தம் கட்டித் தூக்க முடியாது. தம் கட்ட உள்ளே இருந்த கதவு குரல்வளையோடு போய்விட்டது.

ஆனால் இதெல்லாம் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. தொந்தரவு செய்தது போன்தான். அது அடித்துக்கொண்டே இருந்தது.

முதல் நாள் அது அடித்து அடித்து நின்றது. நான் கையில் எடுத்துப் பெயரைப் பார்த்தேன், கீழே வைத்தேன், ஹாலைச் சுற்றினேன், மறுபடி எடுத்தேன். நான்காவது முறை அடித்தபோது என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள். எடுத்தாள்.

"சொல்லுங்க சார். அவருக்கு ஒடம்பு சரியில்ல, நான் அவங்க வீட்லதான் பேசறேன். இன்னா மாரி வீடு பாக்கறீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருபத்தெட்டு வருடத்தில் அவள் என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. எதிரில் போய் நின்று கையை ஆட்டினேன், வேண்டாம் வேண்டாம் என்று. அவள் என் பக்கம் திரும்பாமல் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு படுக்கையறை, லிப்ட், சைவம், பள்ளிக்கூடம் பக்கத்தில்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் காலையில் மூன்று மணிநேரம் அவள்தான் போனில் இருந்தாள். வீடு எந்தத் தெரு, எந்த மாடி, எத்தனை வருடக் கட்டடம் என்பதை நான் பலகையில் எழுதிக் காட்டுவேன். மீதியை அவள் பேசுவாள். எனக்குத் தாங்க முடியாதது என்னவென்றால், அவள் என் மாதிரி பேசவில்லை. யார் எந்த வீட்டைக் கேட்டாலும் நான் "தண்ணிப் பிரச்சனையே கிடையாது சார்" என்பேன். அவள், "கோடைல ரெண்டு மாசம் லாரித் தண்ணிதான் சார். மத்தபடி மெட்ரோ வாட்டர் வருது" என்றாள். நான் ஸ்பூனை எடுத்து மேசையில் தட்டினேன். அவள் போனை மூடிப் பிடித்துக்கொண்டு, "இன்னா தட்டறீங்க? போய் பாத்தா தெரியப்போவுது" என்றாள். அந்த ஆள் வீட்டைப் பார்த்தான், எடுத்தான், தன் நண்பனையும் அனுப்பினான்.

நான் நடந்தேன். ஹாலிலிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து ஹால். வெளியே போனால் தெப்பக்குளத்தைச் சுற்றி மூன்று முறை. கழுத்தில் நனைத்த துணி. அதன்மேல் சட்டைக் காலர். தெரிந்தவர்கள் எதிரே வந்தால் வேறு சந்தில் திரும்பிவிடுவேன். சைகை காட்டிக் காட்டி, அவர்கள் பரிதாபப்பட்டுத் தலையாட்டி, அந்த நாடகம் எனக்கு ஆகவில்லை.

எனக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்தது ஒரு சின்னப்பெண். முப்பது வயதிருக்கும். பொறுமைசாலி, ஆனால் கறார். முதலில் ஒரு கருவியைக் கையில் கொடுத்தாள். டார்ச் லைட் மாதிரி இருக்கும். பொத்தானை அழுத்தினால் முனை அதிரும். கழுத்தில் வைத்து அழுத்தி, வாயை மட்டும் அசைத்தால், அந்த அதிர்வு பேச்சாக வரும். என் கழுத்து இறுகியிருந்ததால் அதிர்வு உள்ளே ஏறவில்லை. கன்னத்தில் வைக்கச் சொன்னாள்.

"மெதுவா, வாயை நல்லாத் திறந்து. மூச்சை அடக்க வேண்டாம் சார், கழுத்துல புஸ்ஸுனு சத்தம் வந்தா அதுதான் பெருசாக் கேக்கும். வாக்கியம் முடிஞ்சா பொத்தானை விட்டுடுங்க."

"சாவி" என்றேன். ஜாவி என்று வந்தது, வண்டுச் சத்தத்தில். ஏற்றமில்லை, இறக்கமில்லை. கோபமும் சந்தோஷமும் ஒரே ராகம். ஆனாலும் என் மனைவிக்குப் புரிந்தது. வீட்டுக்குள் அது போதும். போனுக்குப் போதவில்லை. நான் துணிந்து மூன்று பேருக்குப் போட்டேன். இரண்டு பேர் ஏதோ கம்ப்யூட்டர் பேசுகிறது என்று வைத்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் சிரித்து, "டேய் மச்சி, யார்றா விளையாடறது?" என்றான். கருவியை மேசையிலே வைத்தேன். அன்றைக்கு, விட்டு ஆறு வருடத்துக்கு மேலான பிறகு, ஒரு சிகரெட்டுக்காக உடம்பு முழுக்கத் தவித்தது. கழுத்து ஓட்டையிலா வைத்துப் பிடிப்பேன் என்ற யோசனை வந்தவுடன், அருவருப்பில் அந்த நினைப்பை நானே விட்டுவிட்டேன்.

அடுத்தது உணவுக்குழாய்ப் பேச்சு. காற்றை வாயால் உள்ளே தள்ளி, உணவுக்குழாயில் பிடித்து, ஏப்பம் மாதிரி வெளியே விட்டுப் பேசுவது. கருவி வேண்டாம், கை வேண்டாம். மூன்று மாதம் பால்கனியில் நின்று முயன்றேன். "பா" வந்தது. "தா" வந்தது. "அப்பா" பாதி வந்தது. வயிறு ஊதிப்போனது, எதிர் வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

"எல்லாருக்கும் வராது சார்," என்றாள் அந்தப் பெண். "கதிர்வீச்சுல சதை இறுகியிருக்கு. உங்க தப்பு இல்லை. வால்வு போட்டுப் பாக்கலாம், டாக்டர்கிட்ட கேளுங்க."

பாய்க்கு இருந்தது அதுதான். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவிலுள்ள சுவரில் ஒரு சின்னத் துளை. அதில் விரல்நுனி அளவு சிலிக்கான் வால்வு. ஒருவழிக் கதவு மாதிரி. கழுத்து ஓட்டையை மூடிக்கொண்டு மூச்சை விட்டால், காற்று வால்வு வழியாக உணவுக்குழாய்க்குப் போய் அங்கே சதையை அதிரவைக்கும். சாப்பாடும் தண்ணியும் அந்தக் கதவைத் தாண்டி மூச்சுக்குழாய்க்கு வரக்கூடாது.

போட்டார்கள். சில நாள் கழித்துப் பயிற்சிப் பெண், "கட்டைவிரலை லேசா வைங்க, அமுக்காதீங்க. ஒண்ணு, ரெண்டு சொல்லுங்க" என்றாள்.

"ஒண்ணு," என்றேன். வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, யாரோ என்னைவிடப் பெரிய ஆள் பேசுகிற மாதிரி. "ரெண்டு. மூணு. நாலு." என் மனைவி நாற்காலியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பி, விரலை எடுத்து மூச்சு வாங்கி, மறுபடி வைத்தேன்.

"அந்தக் கச்சேரி ரோடு வீட்ல பால்கனி கீதுன்னு ஏன் சொல்லல?"

பத்து மாதம் கழித்து நான் குரலெடுத்து அவளிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். பயிற்சிப் பெண் சிரித்துவிட்டாள். மனைவி சிரித்தாளா அழுதாளா எனக்குச் சொல்லத் தெரியாது.

குரல் வந்தால் எல்லாம் சரியாகும் என்று நினைத்திருந்தேன். காலையில் எழுந்ததும் அரைமணி நேரம் கண்ணாடி முன். கையைக் கழுவி, கழுத்தில் ஒட்டியிருக்கும் வளையத்திலிருந்து வடிகட்டி மூடியைக் கழற்றுவேன். அதற்குள் இருக்கும் பஞ்சு காற்றை ஈரமாக்கி, தூசியையும் நிறுத்தும். அதைத் தினம் மாற்ற வேண்டும். கழுவிப் போடக்கூடாது. வளையத்தைச் சூடான ஈரத்துணி வைத்து மெதுவாக உரித்து, தோலைத் துடைத்து, புதியதை ஒட்ட வேண்டும். டார்ச் அடித்து வால்வைப் பார்த்து, அதற்கென்று உள்ள சின்ன பிரஷ்ஷை வால்வுக்குள் விட்டு, திருகி, எடுத்துத் துடைத்து, மறுபடி. இரவு சாப்பிட்ட பிறகும் ஒருமுறை. குளிக்கும்போது கழுத்துக்குக் கவசம். ஷவர் தண்ணி முதுகில்தான். பெசன்ட் நகர் கடற்கரையில் நடக்கலாம், அலையில் கால் வைக்கத் துணியவில்லை. என் சட்டைப்பையில் ஒரு அட்டை எப்போதும் இருக்கும்: இவர் கழுத்து வழியாக மட்டுமே மூச்சு விடுகிறார், ஆக்சிஜனைக் கழுத்தில் கொடுக்கவும்.

இதெல்லாம் செய்து முடித்து, சட்டை மாட்டி, போனை எடுத்தால், எதிர்ப்பக்கம் கேட்பார்கள்: "மேடம் இல்லீங்களா?"

ஒருவர் அல்ல, எல்லோரும். மேடம் சொன்னாங்க, மேடம்கிட்ட கேட்டுக்கறேன். நான் முப்பது வருடமாகச் சேர்த்த வீட்டுக்காரர்கள். என் குரல் அவர்களுக்குப் புரிந்தது. ஆனாலும் மேடம். நான் போனை நீட்டுவேன், அவள் வாங்கிக்கொள்வாள், நான் மறுபடி பால்கனிக்கு நடப்பேன். பேச்சு இல்லாதபோது நடந்ததைவிட இப்போது அதிகம் நடந்தேன்.

வால்வு போட்டு நான்கு மாதம் இருக்கும். காபி குடித்தால் ஒரு சின்ன இருமல் வர ஆரம்பித்தது. முதலில் தண்ணிக்கு இல்லை, காபிக்கு மட்டும். பிறகு தண்ணிக்கும். வால்வு கசிந்தால் இப்படித்தான் வரும், உடனே வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்குத் தெரியும். ஆனால் போனால் வால்வை எடுப்பார்கள், காத்திருக்கச் சொல்வார்கள், ஒருவேளை சில நாள் பேச்சில்லாமல் இருக்கச் சொல்வார்கள். அந்தச் சிலேட்டுப் பலகையை மறுபடி கையில் எடுப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மனைவி பார்க்காத நேரத்தில் குடித்தேன். இருமல் வந்தால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு இருமினேன். பதினைந்து நாள் இப்படி.

அடையாறில் ஒரு மாமி. எழுபது வயது, தனியாக இருப்பவர், மாடி வீட்டை வாடகைக்கு விடுபவர். என் பழைய வாடிக்கை. பெங்களூரிலிருந்து மாற்றலாகி வரும் ஒரு இளம் தம்பதிக்கு அந்த வீடு பொருந்தும் என்று பட்டது. மனைவியிடம் சொல்லவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நானே போனேன். இந்த ஒரு வீட்டையாவது என் வாயால் முடிக்க வேண்டும்.

நன்றாகத்தான் போனது. மாடியைக் காட்டினேன், மூச்சு வாங்கி வாங்கிப் பேசினேன். அந்தப் பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்திருந்தது. கீழே மாமி காபி கொண்டுவந்தார்.

"சாப்பிடுங்கோ. ஆத்துல எல்லாரும் சௌக்கியமா? இத்தனை கஷ்டத்துக்கப்புறம் நீங்க நடமாடிண்டு இருக்கறதே பெரிய விஷயம்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாய் குடித்தேன். வால்வு வழியாகக் காபி நேராக மூச்சுக்குழாயில் இறங்கியது. இருமல் பிடித்துக்கொண்டது, விடவில்லை. கையால் குளியலறை எங்கே என்று கேட்டு உள்ளே போனேன். கண்ணாடியில் என் முகம் கறுத்திருந்தது. வடிகட்டியைக் கழற்றினேன். வால்வில் ஏதோ அடைத்திருக்கிறது, சுத்தம் செய்தால் சரியாகிவிடும் என்று அந்தப் பதற்றத்தில் தோன்றியது. பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்து உள்ளே விட்டேன். அந்த நேரம் பார்த்துப் பெரிய இருமல். பிரஷ் வெளியே தெறித்து வந்தது. அதன் நுனியில் வால்வும் வந்தது. வாஷ்பேசினில் விழுந்து கிடந்தது.

முதலில் நான் நினைத்தது: நல்லவேளை, நுரையீரலுக்குள் போகவில்லை. அடுத்து நினைத்தது: துளை. அதில் எதையாவது வைக்காவிட்டால் எச்சில் மூச்சுக்குழாயில் இறங்கும். சில மணிநேரத்தில் துளை சுருங்கி மூட ஆரம்பிக்கும். மூடினால் மறுபடி ஆபரேஷன். அதற்கென்று ஒரு சிவப்பு ரப்பர் குழாய் கொடுத்திருந்தார்கள். வால்வு விழுந்தால் உடனே அதைத் துளையில் செருகச் சொல்லியிருந்தார்கள். அது எப்போதும் மனைவியின் கைப்பையில் இருக்கும். வண்டுச் சத்தக் கருவியும் வீட்டில்.

வால்வைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். குனிந்து நின்று எச்சிலைக் கைக்குட்டையில் துப்பினேன். விழுங்கக்கூடாது. மாமி ஒரு சொம்பு தண்ணியோடு நின்றிருந்தார். "குடிங்கோ, குடிங்கோ, புரையேறியிருக்கு!" நான் தலையை ஆட்டினேன். கெஞ்சுகிற மாதிரி கையை ஆட்டினேன். அந்தப் பையன் ஆம்புலன்ஸுக்குப் போட போனை எடுத்தான்.

என் போனில் எழுதினேன். விரல் தடுமாறியது. "வால்வு விழுந்துவிட்டது. மூச்சு வருகிறது, பயம் இல்லை. என் மனைவிக்குப் போன் செய்து சிவப்புக் குழாய் கொண்டுவரச் சொல்லுங்கள்." மனைவியின் எண்ணை அழுத்தி மாமி கையில் கொடுத்தேன். அங்கே எங்கேஜ்டு. பாதிப் பேர் இப்போது நேராக அவள் எண்ணுக்கே போடுகிறார்கள், யாரோ வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தாள். இரண்டாவது முறையும் எங்கேஜ்டு. நான் அந்தக் கூடத்தில் குனிந்தபடியே மூன்று முறை நடந்தேன். மூன்றாவது முறை போட்டபோது எடுத்தாள்.

மாமி நான் எழுதியதை அப்படியே படித்தார். ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது.

"அம்மா, தண்ணி கிண்ணி எதுவும் குடுக்காதீங்க. ஒக்கார வெச்சி முன்னாடி குனிஞ்சிக்கச் சொல்லுங்க. யாராவது மூஞ்சில மாஸ்க் போடறேன்னா வுடாதீங்க, கழுத்துலதான் மூச்சு. நான் வந்துக்கினே கீறேன். ஏங்க, கேக்குதா? பயப்படாதீங்க."

மாமி சொம்பைத் தன் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

மந்தைவெளியிலிருந்து அடையாறு பாலம் தாண்டி இருபது நிமிஷத்தில் ஆட்டோவில் வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். என்னை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். அந்தப் பையனிடம், "தம்பி, டார்ச் புடிங்க" என்றாள். குழாயின் நுனியில் ஜெல்லைத் தடவி, கழுத்து ஓட்டைக்குள் பின்சுவரில் அந்தத் துளையைத் தேடி, மெதுவாக உள்ளே தள்ளினாள். வெளியே இருந்த நுனியை மடித்து முடிச்சுப் போட்டு, என் மார்பில் டேப் வைத்து ஒட்டினாள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். துளை மூடவில்லை. பயிற்சிப் பெண் நான் காகிதத்தில் கொண்டுபோன வால்வை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். உள்ளே கதவில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகப் பூஞ்சை. கதவு முழுசாக மூடாமல் விறைத்துப்போயிருந்தது.

"எத்தனை நாளா இருமல்?"

இரண்டு விரல் காட்டினேன். இரண்டு நாள் என்று எடுத்துக்கொள்ளட்டும் என்று. மனைவி என் கையைப் பார்த்தாள்.

"ரெண்டு வாரமா?" என்றாள். எப்படித் தெரியும் என்று நான் பார்த்ததும், "குழாயத் தொறந்து வுட்டா எனக்குக் கேக்காதா?" என்றாள்.

பயிற்சிப் பெண் என்னைத் திட்டினாள். சார், இது எல்லாருக்கும் வரும், சில மாசத்துக்கு ஒருமுறை மாத்தறதுதான் இது, இங்கே வந்திருந்தா அரைமணி நேரத்துல புதுசு போட்டு அனுப்பியிருப்பேன், அதே நாள் பேசியிருப்பீங்க. நான் பயந்தபடி பலகைக்கு வேலையே இல்லை. துளையை அளந்து, புதிய வால்வைப் போட்டாள். தண்ணி குடிக்கச் சொல்லி, டார்ச் அடித்து, கசியவில்லை என்று பார்த்தாள். பூஞ்சைக்கு வாய் மருந்து எழுதினார்கள்.

வெளியே வந்து மரத்தடியில் ஆட்டோவுக்கு நின்றோம். நான் கட்டைவிரலை வைத்தேன்.

"உன்கிட்ட சொல்லாமப் போனது தப்பு."

"போனதுக்கு இல்ல. இருமலை மறைச்சதுக்குத்தான் எனக்கு வவுறு எரியுது." அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க தொழில நான் புடுங்கிக்கினேன்னு நெனச்சிக்கினு கீறீங்க. எனக்குத் தெரியும். நான் போன எடுக்கலன்னா அது அடிச்சிக்கினே இருந்திருக்கும், நீங்க நடந்துக்கினே இருந்திருப்பீங்க. அதப் பாக்க முடியாமத்தான் எடுத்தேன்."

என் பக்கம் திரும்பி, "ஆனா இப்ப எனக்குப் புடிச்சிருக்கு. அதையும் சொல்லிடறேன். நான் வுட மாட்டேன்" என்றாள்.

நான் கட்டைவிரலை எடுத்து, வந்த ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினேன்.

அந்தத் தம்பதி மாமியின் வீட்டை எடுத்துக்கொண்டார்கள். அதை முடித்தது நானா அவளா என்று இன்றுவரை எங்களுக்குள் தீரவில்லை. டார்ச் பிடித்ததில் அந்தப் பையன் நெருக்கமாகிவிட்டான், அதனால்தான் எடுத்தான் என்பது அவள் கட்சி. மாடியில் காற்றோட்டத்தை நான் காட்டியதால் என்பது என் கட்சி.

இப்போது போன் அவளிடம். வீடு காட்டுவது நான், கூட அவளும் பின் சீட்டில். என் பையில் ஒரு சிவப்புக் குழாய், அவள் கைப்பையில் ஒன்று. தண்ணி குடித்து இருமினால் ஒளிப்பதில்லை. அன்றைக்கே போன். இதுவரை மூன்று வால்வு மாறிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுத்தைப் பார்க்கிறார்கள். ஆபரேஷனிலும் கதிர்வீச்சிலும் தைராய்டு கெட்டதால் அதற்கு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், இனி எப்போதும். பரிசோதனை நாளுக்கு முந்தின வாரம் எனக்கு இருப்புக் கொள்ளாது. கழுத்தில் புதிதாக ஏதாவது கட்டி தட்டுப்படுகிறதா என்று விரல் தானாகத் தடவிக்கொண்டே இருக்கும். அந்த வாரம் அவளும் என்னை நடக்காதே என்று சொல்வதில்லை.

வண்டி ஓட்டும்போது என்னால் பேச முடியாது. இடதுகை கழுத்துக்குப் போனால் பிரேக் போய்விடும். அவளுக்கு இது தெரியும். அதனால் லஸ் முனை தாண்டியதும் ஆரம்பிப்பாள்: இந்த வீட்டுக்காரர்கிட்ட நீங்க வாயத் தொறக்காதீங்க, போன தடவை கார் பார்க்கிங் பத்திப் பொய் சொன்னீங்க, நாந்தான் சமாளிச்சேன். நான் பதில் சொல்ல முடியாமல் ஓட்டிக்கொண்டே இருப்பேன். சிக்னல் சிவப்பு விழும். காலை ஊன்றி, கட்டைவிரலை வைத்து, "பொய் இல்லடி, சின்னக் கார் நிக்கும்" என்பேன். பக்கத்து ஆட்டோக்காரர் என் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

"சின்னக் கார் எங்க கீது இப்ப? எல்லார்கிட்டயும் பெரிய கார்தான்," என்பாள் அவள். நான் அடுத்த மூச்சு வாங்குவதற்குள் பச்சை விழுந்துவிடும்.